ஒரு வினாடி 353 வினாடி ஆனபோது: ஒரு பதிலின் நிகழ்வு ஆய்வு

2011 ஜூலை 27 அன்று, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒரு ஜாவா கேள்வி வந்தது. ஒரு வினாடி இடைவெளியில் உள்ள இரண்டு நேரங்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார் கேட்டவர். விடை 1 என்று வர வேண்டும். அவருக்கு 353 வந்தது. கேள்வியில் இருந்த நிரலைச் சுருக்கிக் கீழே தருகிறேன்.

```java
SimpleDateFormat sf =
    new SimpleDateFormat("yyyy-MM-dd HH:mm:ss");
long a = sf.parse("1927-12-31 23:54:07").getTime() / 1000;
long b = sf.parse("1927-12-31 23:54:08").getTime() / 1000;
System.out.println(b - a);   // 353
```

இரண்டு நேரங்களையும் ஒரு வினாடி தள்ளி, :08, :09 என்று மாற்றினால் ஒழுங்காக 1 வருகிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் சிக்கல். சுமார் கால் மணி நேரத்தில் ஜான் ஸ்கீட் பதில் எழுதினார். கூகுளில் வேலை பார்க்கும் பொறியாளர் அவர். பின்னாளில், 2018 ஜனவரியில், அந்தத் தளத்தில் பத்து லட்சம் மதிப்புப்புள்ளியைத் தொட்ட முதல் ஆள். இந்தப் பதிலுக்கு இன்று வரை பத்தாயிரத்துக்கும் மேல் ஆதரவு வாக்குகள் விழுந்திருக்கின்றன.

"ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பெயர் வாங்குவது எப்படி?" என்று என்னிடம் கேட்கும் இளைய நண்பர்களை முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து படிக்கச் சொல்வேன். மேலோட்டமாகப் பார்த்தால் "மேதை ஒருவர், விந்தையான கேள்வி, அதிரடிப் பதில்" என்று தோன்றும். நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் அங்கே நடந்திருப்பது வேறு. நான் பார்த்தபடி அதை எழுதுகிறேன்.

கேள்வியின் கடைசியில் இருந்த விவரம்

பதிலைப் பார்க்கும் முன் கேள்வியைப் பார்க்க வேண்டும். கேட்டவர் நிரலோடு நிற்கவில்லை. ஜாவா பதிப்பு எது, `TimeZone.getDefault()` என்ன சொல்கிறது, `Locale` என்ன என்பதையெல்லாம் அப்படியே ஒட்டியிருந்தார். அதில் `Asia/Shanghai` என்று இருந்தது. பதிலின் முதல் வரியே அந்த ஷாங்காயிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த விவரம் இல்லாமல் இதே கேள்வி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிரலை எடுத்து நம் கணினியில் ஓடவிடுவோம். இந்திய நேரம் வைத்த கணினியில் 1 என்றுதான் வரும். "எனக்குச் சரியாக வருகிறதே" என்று கமென்ட் போட்டுவிட்டுப் போய்விடுவோம். இன்னொருவர் "இது லீப் வினாடியாக இருக்கும்" என்பார். மற்றொருவர் "`SimpleDateFormat` எப்போதுமே தகராறுதான், அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பயன்படுத்துங்கள்" என்பார்.

இப்படிப்பட்ட ஊகங்களை எழுதும் முன்பே நாமே கழித்துவிட முடியும். லீப் வினாடி என்பது 1972-இல்தான் வந்தது, ஒரு தடவைக்கு ஒரு வினாடிதான் சேரும். 1927-இல் 352 வினாடி கூடுதலாக வருவதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை. எண்களைச் சேமிப்பதில் வரும் பிழை என்றால் அது எல்லாத் தேதியிலும் தலைகாட்டும், ஒரே ஒரு வினாடியில் மட்டும் வந்து உட்காராது. அன்றைய ஜாவாவில், நிரலில் ஒரு வரி சேர்த்து நேர மண்டலத்தை உலகப் பொது நேரமான யூடிசி ஆக்கினால் 1 வந்தது, ஷாங்காய் ஆக்கினால் 353 வந்தது. குற்றவாளி யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். தளத்தில் நல்ல பெயர் எடுத்தவர்களின் பதில்களைத் தொடர்ந்து வாசித்தால் ஒன்று புலப்படும்: கேள்வியில் எந்த விவரம் உண்மையில் வேலை செய்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுதவே தொடங்குகிறார்கள். அந்த விவரம் கேள்வியில் இல்லாவிட்டால் பதில் எழுதுவதில்லை. கமென்டில் அதை மட்டும் கேட்பார்கள்.

பதிலில் என்ன இருந்தது

முதல் நாள் எழுதிய பதில் மிகச் சிறியது. மூன்று விஷயம்தான். டிசம்பர் 31 அன்று ஷாங்காயில் நேர மண்டலம் மாறியது. 1927 முடியும் நள்ளிரவில் கடிகாரங்கள் 5 நிமிடம் 52 வினாடி பின்னுக்குத் திருப்பப்பட்டன. அதனால் 23:54:08 என்ற நேரம் அன்று இரண்டு தடவை வந்தது; ஜாவா இரண்டாவதை எடுத்துக்கொள்வதுபோல் தெரிகிறது. கூடவே, அந்த மாற்றத்தைக் காட்டும் பக்கத்துக்கு ஒரு இணைப்பு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு கச்சிதம் என்று தெரியும். அன்றைய நேர மண்டலத் தரவின்படி ஷாங்காயின் உள்ளூர் நேரம் யூடிசியைவிட 8 மணி 5 நிமிடம் 52 வினாடி முன்னால் இருந்தது. மாற்றத்துக்குப் பின் சரியாக 8 மணி. ஆகவே 23:54:07 என்பது யூடிசியில் 15:48:15. கடிகாரம் அப்படியே ஓடி 23:59:59-ஐத் தொடுகிறது, அது யூடிசியில் 15:54:07. அடுத்த வினாடி நள்ளிரவு ஆக வேண்டும். ஆனால் முள்ளைப் பின்னுக்குத் தள்ளியதால் கடிகாரம் மறுபடி 23:54:08 என்று காட்டுகிறது, அது யூடிசியில் 15:54:08. இப்போது 15:54:08-இலிருந்து 15:48:15-ஐக் கழித்தால் 5 நிமிடம் 53 வினாடி. அதாவது 353.

இங்கே நான் நின்று ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. "எடுத்துக்கொள்வதுபோல் தெரிகிறது" என்ற அந்தச் சொல். கடிகாரம் பின்னுக்குப் போனது பதிவான தகவல். அதை உறுதியாகச் சொல்கிறார். இரண்டில் எந்த 23:54:08-ஐ ஜாவா தேர்ந்தெடுக்கிறது என்பது விடையிலிருந்து பின்னோக்கிப் போய் ஊகித்தது. அதை ஊகம் என்று தெரியும்படியே எழுதுகிறார். இரண்டையும் ஒரே குரலில் சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எது சரிபார்த்தது, எது ஊகம் என்று பிரித்துக் காட்டுபவரின் அடுத்த பதிலை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். தளம் கொடுக்கும் புள்ளியைத் தவிர்த்து இன்னொரு பெயர் இருக்கிறது இல்லையா, அது இப்படித்தான் சேர்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அப்படியானால் நான் என்ன செய்வது?" என்பதற்கு அந்தச் சிறிய பதிலில் விடை இல்லை. அதை அதே பக்கத்தில் வேறு இருவர் எழுதினார்கள். ஒருவர் இந்த நிகழ்வு உள்ளூர் நேரத்தில் ஏற்படும் அறுபடல் என்று பெயர் சொல்லி, உலகின் பல ஊர்களில் இது நடந்திருப்பதை விளக்கினார். மற்றவர், முடிந்தவரை நேரத்தை யூடிசியில் கையாளுங்கள், உள்ளூர் நேரத்தைக் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள் என்றார். அவர்களுக்கும் நிறைய வாக்கு. முதல் பதில் வந்துவிட்டது, இனி எழுதி என்ன பயன் என்று அவர்கள் போய்விடவில்லை. முதல் பதில் விட்ட இடத்தை நிரப்பினார்கள். புதிதாக வருபவர்களுக்கு இதுதான் நல்ல வாசல் என்று நினைக்கிறேன். வேகத்தில் பழைய கைகளோடு போட்டி போட முடியாது. விட்டுப்போன பக்கத்தை எழுத யாராலும் முடியும்.

நம்ம ஊர்க் கடிகாரமும் தாவியிருக்கிறது

இது ஏதோ ஷாங்காய்க்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். `Asia/Kolkata` என்ற நேர மண்டலத்துக்குள் 1870 முதல் 1905 முடிய `MMT` என்று ஒரு பகுதி இருக்கிறது. அது மெட்ராஸ் நேரம், யூடிசியைவிட 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னால். 1906 ஜனவரி 1 அன்று அது 5 மணி 30 நிமிடமாக மாறியது. ஷாங்காயில் முள் பின்னால் போனது, நமக்கு முன்னால் தாவியது. 8 நிமிடம் 50 வினாடி அன்று வரவே இல்லை.

```java
ZoneId k = ZoneId.of("Asia/Kolkata");
var a = LocalDateTime.of(1905, 12, 31, 23, 59, 59).atZone(k);
var b = LocalDateTime.of(1906, 1, 1, 0, 8, 50).atZone(k);
System.out.println(Duration.between(a, b).getSeconds()); // 1
```

சுவரில் மாட்டிய கடிகாரப்படி 531 வினாடி. உண்மையில் ஓடியது ஒரு வினாடி. லினக்ஸ் கணினி இருந்தால் `zdump -v Asia/Kolkata` என்று தட்டுங்கள், மாற்றங்கள் எல்லாம் வரிசையாக வரும். 1905-க்கான வரியில் `gmtoff=19270` என்று இருக்கும், அதற்கு அடுத்ததில் `gmtoff=19800`. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 530 வினாடி. நேரம் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது இந்தக் கட்டளையின் விடையை ஒட்டிவிட்டால் வாசகர் உங்களை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, அவரே பார்த்துக்கொள்வார்.

புள்ளிக் கணக்கு

சரி, பத்தாயிரம் வாக்கு என்றால் ஒரு வாக்குக்கு 10 புள்ளி, ஆக இந்த ஒரு பதிலிலேயே ஒரு லட்சம் புள்ளி என்று கணக்குப் போடத் தோன்றும். அது நடக்காது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வாக்குகளால் ஒரு நாளில் கிடைக்கும் புள்ளிக்கு 200 என்று உச்சவரம்பு இருக்கிறது. ஒரு பதிலுக்கு ஒரே நாளில் ஆயிரம் வாக்கு விழுந்தாலும் இருபது வாக்குக்கு மேல் எதுவும் கணக்கில் ஏறாது. கேட்டவர் பச்சை டிக் போட்டு ஏற்றுக்கொண்டால் வரும் 15 புள்ளியும், யாராவது அறிவித்த பவுண்ட்டி பரிசும் மட்டுமே வரம்புக்கு வெளியே.

இதை ஸ்கீட்டின் பத்து லட்சத்தோடு ஒட்டிப் பாருங்கள். 2008 செப்டம்பரில் அவர் சேர்ந்தார். 2018 ஜனவரி வரை சுமார் 3,400 நாள். ஒரு நாள்கூட விடாமல் 200 எடுத்திருந்தாலும் 6,80,000-தான் ஆகும். மிச்சம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளி வரம்புக்கு வெளியே இருந்துதான் வந்திருக்க முடியும். பவுண்ட்டியை ஒதுக்கி, முழுவதையும் 15 புள்ளி டிக் என்று வைத்தால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏற்கப்பட்ட பதில்கள் ஆகிறது. அதாவது அந்த எண்ணிக்கையைக் கட்டியவை பெரும்பாலும் யாரும் நினைவில் வைத்திருக்காத பதில்கள். ஒரு மாணவருக்கு அரைப்புள்ளி எங்கே விட்டுப்போனது என்று காட்டியது, ஒருவருக்கு `equals` வேண்டிய இடத்தில் `==` போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னது, இந்த மாதிரி.

புகழ்பெற்ற அந்த 1927 பதில் புள்ளி அளவில் அவருக்குக் கிட்டத்தட்ட எதுவும் தரவில்லை. அவருடைய பழைய பதில்களுக்கு விழும் வாக்குகளே அன்றாடம் அந்த 200-ஐ நிரப்பிவிடும் நிலையில் அவர் அப்போதே இருந்தார். அந்தப் பதில் தந்தது வேறு: நேரம், தேதி என்று எங்கே பேச்சு வந்தாலும் அவர் பெயரும் கூடவே வந்தது.

வாக்கு எதை அளக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். 1927 கேள்வியை எந்த மொழியில் நிரல் எழுதுபவரும் படித்துப் புரிந்துகொண்டு வியக்கலாம். அதனால் வாக்கு குவிந்தது. ஒரு தரவுத்தளத்தின் உள்பூட்டுச் சிக்கலை மூன்று நாள் உட்கார்ந்து பிரித்துக் காட்டிய பதிலுக்கு இரண்டு வாக்கு விழுந்து கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பேருக்கும் அது உயிர் காத்த பதிலாக இருந்திருக்கும். ஆட்களை வேலைக்கு எடுக்கும்போது நான் மொத்தப் புள்ளியைப் பார்ப்பதில்லை. சுயவிவரத்தில் போய், வாக்கு குறைவாக விழுந்த பதில்கள் ஐந்தைத் திறந்து படிப்பேன். ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

புள்ளியைத் துரத்தினால் எழுத்து எப்படிக் கெடும் என்பதும் தெரிந்ததே. முதலில் வரும் பதிலுக்கு வாக்கு கூடுதலாக விழும். அதனால் ஒரு வரியை அவசரமாகப் போட்டு இடம் பிடித்துக்கொண்டு, பிறகு திருத்தித் திருத்தி வளர்ப்பார்கள். பதிவிட்ட ஐந்து நிமிடத்துக்குள் செய்யும் திருத்தம் வரலாற்றில் தனியாகப் பதிவாகாது என்பதால் இது வசதியும்கூட. அந்த முதல் வரி சரியாக இருந்தால் தப்பில்லை, கேட்டவருக்கு உடனே வழி கிடைக்கிறது. ஓடவிட்டுப் பார்க்காத நிரலை இடம் பிடிக்கப் போடும்போதுதான் கெடுகிறது. கேட்டவர் அதை நகலெடுத்துப் போட்டு, பிழை வந்து, கமென்டில் திரும்பி வரும்போது பதில் எழுதியவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

2013, 2014: பதில் தப்பாகிப்போனது

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2013-இல் அந்தப் பதில் தப்பாகிப்போனது. ஸ்கீட் பிழை செய்ததால் இல்லை. வரலாறே மாறிவிட்டது.

நேர மண்டலத் தரவுத்தளம் என்பது தன்னார்வலர்கள் பராமரிப்பது. பழைய ஆவணம் ஏதாவது கிடைத்தால் பழைய நேரங்களையும் திருத்துவார்கள். 2013a என்ற வெளியீட்டில் ஷாங்காயின் பழைய உள்ளூர் நேரம் 8:05:52-க்குப் பதில் 8:05:57 ஆனது. ஐந்து வினாடிதான். ஆனால் அந்தத் தரவோடு கணக்கிட்டால் கடிகாரம் திரும்பி வந்து நிற்கும் நேரம் 23:54:08 இல்லை, 23:54:03. வித்தியாசம் 353 இல்லை, 358. கேள்வியில் இருக்கும் நிரலைப் புதிய தரவோடு ஓடவிடுபவருக்கு 1 என்றே வரும். அவர் பதிலைப் படித்துவிட்டுக் குழம்பிப்போவார்.

ஸ்கீட் திரும்பி வந்து இதைப் பதிலின் அடியில் சேர்த்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் முக்கியம். அவர் தொடங்கிய நோடா டைம் என்ற நூலகத்துக்கான தானியங்கிச் சோதனைகளில் இந்த ஷாங்காய்க் கேள்வியையும் ஒரு சோதனையாகச் சேர்த்து வைத்திருந்தார். தரவு மாறியதும் சோதனை தோற்றது. அதனால் கவனித்தார். பழைய வரலாற்றுத் தரவுகூட நிலையானது இல்லை என்று எழுதிவைத்தார்.

அடுத்து 2014f வெளியீடு. இந்தத் தடவை மாற்றம் நடந்த நாளே 1927-இலிருந்து 1900 டிசம்பர் 31-க்கு நகர்ந்தது. அளவும் 343 வினாடி ஆனது. மறுபடி வந்து அதையும் சேர்த்தார். அப்புறம் 1900-க்கு முந்தைய நேரங்களை ஜாவாவின் பழைய வகுப்புகள் எப்படி நடத்துகின்றன என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதற்கும் ஒரு சிறு நிரல் எழுதி, ஓடவிட்டு, விடையோடு போட்டார்.

கவனியுங்கள், முதலில் எழுதியதை அவர் அழிக்கவில்லை. 353 என்று கேட்ட கேள்விக்கு 5 நிமிடம் 52 வினாடிதான் சரியான விளக்கம். அதை 343 என்று மாற்றி எழுதியிருந்தால் கேள்வியும் பதிலும் பொருந்தாமல் போயிருக்கும். எந்தத் தரவுப் பதிப்பில் எந்த விடை என்று அடுக்கிக்கொண்டே போனார். இன்று அந்தப் பக்கத்துக்கு வருபவர் தன் கணினியில் வரும் எண் எதுவாக இருந்தாலும் அதற்கான விளக்கத்தை அங்கே காணலாம். இந்தத் திருத்தங்களுக்குத் தளம் ஒரு புள்ளிகூடத் தருவதில்லை.

என் பதில் ஒன்று பழையதானபோது

இதைப் படித்த பிறகுதான் என் பழைய பதில்களைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தது. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் ஒரு அட்டவணைக்குக் கீழே ஒரு வரியைச் சேர்ப்பது எப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, `df.append(row, ignore_index=True)` என்று எழுதியிருந்தேன். எழுதிய அன்று அது சரியான பதில். ஏற்கவும் செய்தார்கள். பாண்டாஸ் 1.4-இல் அந்த `append` கைவிடப்படும் என்று எச்சரிக்கை வந்தது. 2023-இல் 2.0 வெளியானபோது எடுத்தே விட்டார்கள். அதற்குப் பின் என் பதிலை நகலெடுத்தவர்களுக்கு `AttributeError: 'DataFrame' object has no attribute 'append'` என்ற பிழைதான் கிடைத்திருக்கும்.

நான் போய்ப் பார்த்தபோது பச்சை டிக் அப்படியே இருந்தது. கீழே இரண்டு எதிர் வாக்கு, "வேலை செய்யவில்லை" என்று ஒரு கமென்ட். பச்சை டிக் என்பது கேட்டவருக்கு அன்று வேலை செய்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவே. அடுத்து வருபவருக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. கேட்டவர் தளத்தை விட்டே போயிருக்கலாம், டிக்கை மாற்ற ஆள் கிடையாது.

திருத்தும்போது ஸ்கீட் செய்த வரிசையைப் பின்பற்றினேன், ஒரு மாற்றத்தோடு. அவருடைய கேள்வி "ஏன் இப்படி?" என்பது, அதனால் பழையது மேலே இருப்பது பொருத்தம். என் கேள்வி "எப்படிச் செய்வது?" என்பது. வருபவர் அவசரத்தில் இருப்பார், முதல் நிரலை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆகவே இன்று வேலை செய்வதை மேலே வைத்தேன்.

```python
df = pd.concat([df, pd.DataFrame([row])], ignore_index=True)
```

அதற்குக் கீழே, பாண்டாஸ் 2.0 முதல் `append` இல்லை என்று ஒரு வரி. பழைய பதிப்பில் சிக்கிக்கொண்டிருப்பவர்களுக்காகப் பழைய நிரலையும் விட்டுவைத்தேன், எந்தப் பதிப்பு வரை ஓடும் என்று குறிப்பிட்டு.

அப்புறம் முதலில் எழுதும்போது நான் கோட்டைவிட்ட ஒன்றையும் சேர்த்தேன். கேட்டவர் இதை ஒரு லூப்புக்குள் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வரி சேரும்போதும் முழு அட்டவணையும் புதிதாக நகலெடுக்கப்படுகிறது. பத்து வரிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு லட்சம் வரி என்றால் ஐந்நூறு கோடி வரி அளவுக்கு நகலெடுக்கும் வேலை சேர்ந்துவிடும், நிரல் நின்றுபோனதுபோல் கிடக்கும். வரிகளை முதலில் சாதாரணப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, லூப் முடிந்த பிறகு ஒரே தடவை அட்டவணையாக்கினால் போதும். கேட்டது ஒரு வரி சேர்ப்பது பற்றி. அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது இது. அன்றே அவருடைய நிரலில் அந்த `for` கண்ணில் பட்டிருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை.

தளத்தில் ஒரு விதி இருக்கிறது. வாக்குப் போட்டுச் சில நிமிடம் கடந்துவிட்டால் அந்த வாக்கை மாற்ற முடியாது, பூட்டிக்கொள்ளும். பதில் திருத்தப்பட்டால் மட்டும் பூட்டு திறக்கும். "வேலை செய்யவில்லை" என்ற கமென்டுக்குக் கீழே, திருத்திவிட்டேன், 2.0-இல் ஓடவிட்டுப் பார்த்தேன் என்று பதில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கமென்ட் இல்லை, அவரே நீக்கியிருந்தார். எதிர் வாக்கு ஒன்று குறைந்திருந்தது, அதற்காக இழந்த 2 புள்ளி திரும்பி வந்திருந்தது. கூடவே புதிதாக ஒரு ஆதரவு வாக்கும் விழுந்திருந்தது. இரண்டாவது எதிர் வாக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. போட்டவர் அந்தப் பக்கம் திரும்ப வரவில்லை போலிருக்கிறது.